சேலை விளம்பரத்துக்கு எந்த முறை?

ஜரிகை பார்டர் சேலைக்கு ஏஐ வீடியோ கருவியில் 5 விநாடி ரீல்ஸ் செய்ய வேண்டும்; அதற்கு மூன்று முறைகளைப் பார்ப்போம். கடையில் இருக்கும் அதே சேலைதான் திரையிலும் தெரிய வேண்டும் என்பதே இங்கே முக்கியம்.

டெக்ஸ்ட்-டு-வீடியோ: ஆள், இடம், வெளிச்சம், கேமரா எல்லாவற்றையும் ப்ராம்ப்ட்டில் எழுதணும். எவ்வளவு எழுதினாலும் வருவது வேறொரு சேலைதான். கோயில் பிரகாரம், தீபம் என்று முன்னோட்டக் காட்சிக்கு மட்டும் சரி.

இமேஜ்-டு-வீடியோ: 9:16 அளவில் தெளிவான போட்டோ கொடுங்கள். ப்ராம்ப்ட்டில் அசைவை மட்டும் சொன்னால் போதும்: "முந்தானை காற்றில் லேசாக அசைகிறது, கேமரா மெல்ல நெருங்குகிறது." சேலை நிறத்தைத் திரும்ப விவரித்தால், போட்டோவோடு முரண்பட்டு நிறம் மாறக்கூடும். ஆள் பின்பக்கம் திரும்புவதாக எழுதாதீர்கள். போட்டோவில் இல்லாத பின்பக்க டிசைனை ஏஐ தானாகக் கற்பனை செய்துவிடும்.

வீடியோ-டு-வீடியோ: நடையும் திருப்பமும் வேண்டுமென்றால் போனில் எடுத்த வீடியோவே மூலம். அசைவை எழுத வேண்டாம், மாற வேண்டியதை மட்டும் எழுதுங்கள்: "பின்னணி மட்டும் செட்டிநாட்டு முற்றம்." மூல வீடியோவை எவ்வளவு மாற்றலாம் என்ற அளவைக் கூட்டினால் முதலில் கெடுவது ஜரிகைதான். பார்டரைப் பெரிதாக்கி ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். மாங்காய் உருவம் நெளிந்தால் அளவைக் குறையுங்கள்.

ஒரே போட்டோதான் கையில் இருக்கிறதா? இரண்டாவது முறை. மாடல் நடந்து காட்டணுமா? மூன்றாவது.