வீடு காலி செய்யும் கடிதம்: எந்த வாசகம், எந்த வழி?

பெங்களூரு அல்சூரில் நாங்கள் இருந்த வாடகை ஃபிளாட்டைக் காலி செய்ய முடிவானதும், மே 29ஆம் தேதி ஓனருக்கு வாட்ஸ்அப் போட்டேன்: "சார், அடுத்த மாசக் கடைசியில காலி பண்ணலாம்னு இருக்கோம்." அவரும் தமிழர்தான், "சரிப்பா" என்றார். ஜூன் 20ஆம் தேதி கேட்கிறார், "லெட்டரே தரலையே, ஜூலை வாடகையும் வேணும்." ₹20,000 போனது.

"காலி பண்ணலாம்னு இருக்கோம்" என்றால் வெறும் யோசனை என்றும் வாதாட இடம் இருக்கிறது. பிறகு தந்த கடிதத்தில் இப்படி எழுதினேன்: "நமது ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவின்படி ஒரு மாத நோட்டீஸ் தருகிறேன். ஜூலை 31ஆம் தேதியுடன் வாடகையை முடித்து, அன்று வீட்டைக் காலியாக ஒப்படைக்கிறேன்." பிரிவு, கால அளவு, கடைசித் தேதி மூன்றும் இருப்பதால் வேறு அர்த்தம் சொல்ல வழியில்லை. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பற்றி ஒன்றுமே இல்லையென்றால், மாத வாடகைக்கு 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு 15 நாள் என்கிறது. அதே பிரிவு நோட்டீஸ் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது, அப்புறம் நாள் கணக்கு நோட்டீஸ் அவர் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும், நாம் எழுதிய நாளிலிருந்து இல்லை.

அதனால்தான் அனுப்பும் வழி முக்கியம். ஒப்பந்தத்தில் ஈமெயில் நோட்டீஸ் செல்லும் என்று இருந்தால் மட்டும் அதை நம்பலாம். நேரில் கொடுப்பது எனக்குப் பிடித்த வழி, இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் "பெற்றேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கினால் அன்றைக்கே கணக்கு தொடங்கிவிடும். கையெழுத்துப் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்தான், ஆனால் போய்ச் சேர நான்கைந்து நாள் விட்டுத் தேதி போட வேண்டும், டெலிவரி ஆன விவரத்தையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டை ஒப்படைப்பது பற்றிய வாசகத்திலும் இதே வித்தியாசம்தான். "சாவி தந்துவிடுகிறேன், அட்வான்ஸ் கொடுங்கள்" என்று முடித்தால், அவர் சாவியை வாங்கிக்கொண்டு, பத்து நாள் கழித்துச் சுவரில் கீறல் என்று பிடித்தம் சொல்ல முடியும். நான் எழுதியது கொஞ்சம் நீளம்: "ஜூலை 24ஆம் தேதி ஒருமுறை வந்து வீட்டைப் பார்த்து, சரிசெய்ய வேண்டியவற்றைச் சொல்லுங்கள். 31ஆம் தேதி காலை 11 மணிக்கு நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ வந்து மூன்று சாவிகளைப் பெற்று, மின் மீட்டர் ரீடிங்கைக் குறித்துக் கையெழுத்திட வேண்டுகிறேன். அட்வான்ஸ் ₹1,20,000இல் ஒப்பந்தப்படி பெயின்ட் செலவு ₹20,000, கடைசி மின்கட்டணம் இரண்டும் போக மீதியை அப்போதே என் கணக்குக்கு அனுப்பவும்."

24ஆம் தேதி வந்தவர் பாத்ரூம் குழாய் ஒழுகுவதை மட்டும் சொன்னார், பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்தேன். 31ஆம் தேதி மின்கட்டணம் ₹640 போக ₹99,360 வந்தது, அதன் பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.