குழந்தைக்கு ஸ்பானிஷ்: பாட்டா, லோத்தெரியாவா, கை கழுவும் நேரமா?

டெக்சஸ் பக்கம் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் பூங்காவிலும் மெக்சிகோ வழிவந்த குழந்தைகள்தான் பாதி நண்பர்கள். அதனால் மூன்று நான்கு வயதிலேயே வீட்டில் கொஞ்சம் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கப் பெற்றோர் நினைக்கிறார்கள். பாட்டு, விளையாட்டு, அன்றாட வேலை என்று மூன்று வழிகள் கையில் இருக்கின்றன. முதலில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், நான் கை கழுவும் நேரத்தைத்தான் எடுப்பேன்.

பெரும்பாலோர் தொடங்குவது பாட்டில். தலை, தோள், முழங்கால், பாதம் என்று தொட்டுக்கொண்டே பாடும் 'கபேஸா, ஓம்ப்ரோஸ், ரொதியாஸ், பியேஸ்' பாட்டைக் குழந்தை சீக்கிரமே முழுதாகப் பாடிவிடும். ஓசைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஸ்பானிஷின் 'த' பல்லில் நாக்குப் பட்டு வரும் நம் 'த' போன்றதுதான் என்பதால், தமிழ் பேசும் குழந்தைக்கு அது தானாகவே வந்துவிடும். ஆனால் பாடத் தெரிந்தால் சொல் தெரியும் என்று அர்த்தமில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, 'தோந்தே எஸ்தா லா ரொதியா?' (முழங்கால் எங்கே?) என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை விழித்தாலோ, தலையிலிருந்து வரிசையாகத் தொட்டுக்கொண்டு வந்தாலோ, அது கற்றது வரிசையை மட்டும்தான். ஒரு சொல்லுக்கு முன் நிறுத்தி அதைக் குழந்தையே நிரப்பும்படி விடுங்கள். பிறகு பாதத்திலிருந்து மேலே பாடுங்கள். இன்னொரு குறை, இந்தப் பாட்டில் 'எல்', 'லா' என்ற முன்சொற்கள் வருவதில்லை. ஸ்பானிஷில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால்; ஆண்பாலுக்கு முன் 'எல்', பெண்பாலுக்கு முன் 'லா' வரும். முன்சொல்லோடு சேர்த்துக் கேட்காத குழந்தைக்கு அது பின்னால் கஷ்டமாகும்.

அந்தக் குறையை நன்றாகத் தீர்ப்பது லோத்தெரியா. மெக்சிகோ வீடுகளில் ஆடும் படச்சீட்டு ஆட்டம் இது. 54 சீட்டுகள், ஒவ்வொருவர் பலகையிலும் 16 படங்கள். ஒருவர் சீட்டை எடுத்துப் பெயரைக் கூவுவார், மற்றவர்கள் அந்தப் படத்தின் மேல் அவரைக்கொட்டை வைப்பார்கள். சீட்டிலேயே 'எல் சோல்' (சூரியன்), 'லா லூனா' (நிலா) என்று முன்சொல்லோடு அச்சாகியிருக்கும். பெரும்பாலும் ஆண்பாலுக்கு வரும் 'ஓ'வில் முடிந்தாலும் 'லா மானோ' (கை) பெண்பால் என்பது விளையாட்டிலேயே காதில் பழகிவிடும். சின்னக் குழந்தைக்கு 16 படம் அதிகம். பன்னிரண்டு சீட்டுகளை மட்டும் எடுத்து, ஆறு கட்டப் பலகை வரைந்துகொள்ளுங்கள். மண்டை ஓடு, மரணம், குடிகாரன் சீட்டுகளை ஒதுக்கிவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் எளிதில் கண்ணில் படாது. கூவும்போதே சீட்டைக் காட்டினால், குழந்தை படத்தைப் பார்த்துப் படத்தைப் பொருத்திவிடும். சொல்லைக் கேட்கவே தேவையில்லை. சீட்டை மறைத்துச் சொல்லுங்கள், காத்திருங்கள், பிறகு காட்டுங்கள். அப்போதும் குழந்தை கேட்கத்தான் பழகுகிறது. வாய் திறக்க வேண்டுமென்றால் கூவும் வேலையை அதனிடம் கொடுக்க வேண்டும்.

சரி, கை கழுவுவதை ஏன் முதலில் வைக்கிறேன்? தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், ஆட்கள் சேர வேண்டாம், தினமும் பலமுறை தானாக வருகிறது. நான்கே வாக்கியங்கள் போதும். 'அப்ரே லா யாவே' (குழாயைத் திற). 'ஆக்கி எஸ்தா எல் ஹபோன்' (சோப்பு இதோ). 'லாவத்தே லாஸ் மானோஸ்' (கை கழுவு). 'சேக்கத்தே கோன் லா தொவாயா' (துண்டால் துடை). குழாய்க்கு ஸ்பெயினில் 'க்ரிஃபோ' என்பார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை 'யாவே' என்று சொன்னால் நீங்களும் அதையே சொல்லுங்கள். சொற்கள் முழு வாக்கியத்திலும் முன்சொல்லோடும் வருவதால், பாட்டில் விடுபட்டது இங்கே கிடைக்கிறது.

இதிலும் ஏமாற இடம் உண்டு. குழாயடியில் நிற்கும் குழந்தை, நீங்கள் என்ன சொன்னாலும் கையைத்தான் கழுவும். சொல் புரிந்ததா, இடம் புரிந்ததா என்று அங்கே தெரியாது. அதனால் கூடத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போது, கையால் எதையும் காட்டாமல், 'த்ராயேமே லா தொவாயா' (துண்டைக் கொண்டு வா) என்று கேளுங்கள். துண்டோடு வந்தால் சொல் பதிந்துவிட்டது. வெறுங்கையோடு முகத்தைப் பார்த்தால், இன்னும் சில நாள் அதே நான்கு வாக்கியங்களோடு இருங்கள், புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

கை கழுவுவது பிடிபட்ட பிறகு செருப்பு போடும் நேரம், அப்புறம் ஞாயிறுகளில் லோத்தெரியா. பாட்டு காரில் ஓடட்டும். சாப்பாட்டு நேரத்தையும் தூங்கவைக்கும் நேரத்தையும் மட்டும் நான் ஸ்பானிஷுக்குக் கொடுக்க மாட்டேன். வெளியே ஆங்கிலமே கேட்கும் குழந்தைக்குத் தமிழ் நிறையக் கிடைப்பது அந்த இரண்டு நேரங்களில்தான்.