விளம்பரத்துக்கு 60,000 கொடுத்தேன், என் நோயாளியின் படத்தையே விளம்பரமாக்கிவிட்டார்கள்

நேற்றுதான் தெரிந்தது. இன்னும் கை நடுங்குகிறது. நான் பல் மருத்துவர். மருத்துவர்களுக்கு மட்டும் விளம்பரம் செய்து தருவதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்திடம் 60,000 முன்பணம் கட்டினேன். அதன் உரிமையாளர் முதல் சந்திப்பிலேயே, "டாக்டர், 'சிறந்த', 'உத்தரவாதம்' என்ற சொற்களையே நாங்கள் தொடமாட்டோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் விழுந்தேன். தொழில் தெரிந்த ஆள் என்று நம்பி, சிகிச்சை அறையின் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, சில நோயாளிகளின் படங்களையும் அனுப்பிவிட்டேன். அது என் தவறு. சிகிச்சைப் பதிவுக்காக மட்டுமே அவர்கள் சம்மதம் கொடுத்திருந்தார்கள்.

நேற்று ஒரு நோயாளி அழைத்தார். "விளம்பரத்தில் இருப்பது என் பற்கள்தானே, டாக்டர்? எனக்கு இந்த நிறம் நிற்கவில்லையே?" என்றார். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவர் சொன்னது சரி. பற்களை வெண்மையாக்கும் சிகிச்சையின்போது எச்சில் படாமல் தடுப்பதால் பற்கள் காய்ந்துவிடும். காய்ந்த பல் உண்மையைவிட வெளுப்பாகத் தெரியும். ஈரம் திரும்பியதும் கொஞ்சம் மங்கும்; உண்மையான நிறம் நிலைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். நான் பதிவுக்காக எடுத்தது சிகிச்சை முடிந்த அந்த நிமிடத்துப் படம். அதைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்து, "ஒரே அமர்வில் நிரந்தர வெண்மை" என்று எழுதியிருக்கிறார்கள். 'சிறந்த' என்ற சொல் இல்லைதான். ஆனால் பொய் முழுவதும் படத்தில் இருக்கிறதே!

உடனே அந்த நிறுவனத்தை அழைத்தேன். வடிவமைப்பாளர் விடுமுறையில் இருக்கிறாராம். மாலையில், "முன்–பின் படம் இல்லாமல் யார் வருவார்கள்?" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள்: உள்ளடக்கத்துக்கு வாடிக்கையாளரே பொறுப்பு. 60,000 திரும்ப வராது. இதில் கொடுமை, ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் என் ஒழுங்குமுறை அமைப்பு என்னைத்தான் கேட்கும். எழுதியது யாராக இருந்தாலும், மேலே இருப்பது என் பெயரும் பதிவு எண்ணும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. மருத்துவரோ வழக்கறிஞரோ, இவற்றை மட்டும் பாருங்கள். நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத ஒரு வரியும் ஒரு படமும் வெளிவரக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். நோயாளியின் படத்தை வெளியாருக்கு அனுப்பாதீர்கள். விளம்பரத்துக்குத் தனிச் சம்மதம் வேண்டும். வழக்கறிஞர் விளம்பரத்தில் வரும் "இத்தனை வழக்குகளில் வென்றவர்" என்பதும் இந்தப் படம் போன்றதுதான், அடுத்த வழக்கு எப்படி முடியும் என்று அது சொல்லாது.

விளம்பரம் வந்த என் பக்கத்தின் கடவுச்சொல்லையும் அவர்களிடமே விட்டிருந்தேன். 60,000 போனது போகட்டும், அந்தப் படம் இந்த நிமிடம் வரை அங்கேயே இருக்கிறது.