ஒரு கிளையா, பல கிளைகளா: மரங்கொத்தியும் குருவியும்

எங்கள் வளவுத் தென்னையில் காலையில் தட்டும் மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். யாழ்ப்பாணத்தில் அதுதான் வழமை. தெற்கே போனால் முதுகு இரத்தச் சிவப்பு. அது இலங்கைக்கு மட்டுமே உரிய தனி இனம். இடைப்பட்ட பகுதியில் இரண்டும் கலந்து, செம்மஞ்சள் முதுகுடன் குஞ்சுகள் பிறக்கின்றன. பிரிவு இன்னும் முழுமையாகவில்லை என்பதற்கு அந்த நிறமே சாட்சி.

இது இனப்பிரிவு. ஆனால் இரண்டுக்கும் தொழில் ஒன்றுதான்: பட்டையைக் கொத்தி எறும்பு தின்பது.

பசிபிக் கடலிலுள்ள கலாபகசுத் தீவுகளில் நடந்தது வேறு. ஒரே மூதாதையிலிருந்து 13க்கும் மேற்பட்ட குருவி இனங்கள் கிளைத்தன. ஒன்று விதை உடைக்கும், ஒன்று கள்ளிப் பூவில் தேன் எடுக்கும், இன்னொன்று குச்சியால் புழுவைக் கிளறும். அலகுக்கு அலகு தொழில் மாறுகிறது. இதுதான் தகவமைப்புப் பரவல். வெறும் தூரம் இதற்குப் போதாது, போட்டியாளர் இல்லாத காலி இடங்களும் வேண்டும்.

அலகை மாற்றும் விசையை உயிரியலாளர்களான கிராண்ட் தம்பதியர் அங்குள்ள டாப்னி மேஜர் தீவில் நேரிலேயே அளந்தார்கள். 1977 வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்தன. எஞ்சியவை நெருஞ்சி போன்ற கடினமானவை. அவற்றை உடைக்க முடிந்த தடித்த அலகுக் குருவிகளே கூடுதலாகத் தப்பின, அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது. அப்புறம் 1983இல் பெருமழை பெய்து சிறு விதைகள் பெருக, போக்கு திரும்பியது.

நெடுந்தீவுக்கென்று தனிக் குருவி இனம் ஏன் இல்லை? கடல் குறுகலானது, பறவைகள் வந்துபோய்க் கலந்துவிடுகின்றன.