பில்லின் வரியை எப்படிப் பிரிப்பது: தலைக்குச் சமமாகவா, சாப்பிட்ட அளவுக்கா?

சேர்ந்து சாப்பிட்ட பில்லைப் பிரிக்க அதைப் படம் எடுத்து விலைகளைக் கணினியைப் படிக்க வைத்தால், முதல் வேலை அந்த விலைகளைக் கூட்டிப் பார்ப்பது. வரிக்கு முந்தைய கூட்டுத்தொகையோடு அது ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒரு 1 தவறாக 7 என்று படிக்கப்பட்டிருக்கும். அல்லது எண்ணிக்கை விலையாகியிருக்கும்.

மூன்று பேர், உணவு 1000 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகச் சாப்பிட்டது 200, 300, 200. மீதி 300-க்கு ஒரு தட்டை முதல் இருவர் மட்டும் பகிர்ந்தார்கள், ஆளுக்கு 150. ஆக 350, 450, 200. சேவைக் கட்டணம் 10% (100), அதையும் சேர்த்த தொகைக்கு வரி 5% (55). மொத்தம் 1155.

கூடுதலான 155-ஐத் தலைக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 51.67. குறைவாகச் சாப்பிட்டவர் 251.67 கட்டுவார். கணக்கு சுலபம்தான், ஆனால் தான் தொடாத தட்டின் வரியையும் அவர் சுமக்கிறார்.

சாப்பிட்ட அளவுக்கு என்றால் 1155-ஐ 1000-ஆல் வகுத்து, வரும் 1.155-ஆல் ஒவ்வொருவர் தொகையையும் பெருக்கவேண்டும்: 404.25, 519.75, 231. என் ஓட்டு இதற்கே. எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டிருந்தால் சரி, முதல் வழியே போதும்.

மதுவுக்கு வேறு வரி விகிதம் என்றால் ஒரே பெருக்கெண் செல்லாது. மதுவின் விலையை அதற்குரிய பெருக்கெண்ணால் தனியாகப் பெருக்கவேண்டும்.