இரண்டு பிஎஸ்4 கருவிகளை விற்ற அனுபவம்: அழிப்பதற்கு முன் கணக்கைப் பிரித்தல்

பல ஆண்டுகள் பயன்படுத்திய இரண்டு பிஎஸ்4 வீடியோ விளையாட்டுக் கருவிகளை நான் விற்றிருக்கிறேன். முதலாவதை விற்றபோது செய்த பிழையை இரண்டாவதில் திருத்திக்கொண்டேன்.

முதல் கருவியில் இருந்தவற்றை அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் எந்தக் கருவி நமது முதன்மைக் கருவி என்ற பதிவு அந்தப் பெட்டிக்குள் மட்டும் இருப்பதில்லை. சோனி நிறுவனத்தின் சர்வரில் நம் கணக்கோடு சேர்ந்து இருக்கிறது. ஒரு கணக்குக்கு ஒரு பிஎஸ்4 மட்டுமே முதன்மையாக இருக்க முடியும். அந்தக் கருவியில்தான் நாம் இணையக்கடையில் வாங்கிய விளையாட்டுகள் இணையம் இல்லாதபோதும் திறக்கும், வீட்டில் மற்றவர்களும் அவற்றைத் தங்கள் பெயரில் நுழைந்து விளையாடலாம். அடுத்து வாங்கிய பிஎஸ்4 ப்ரோவில் என் பெயரில் நுழைந்து, இணைய இணைப்போடு இருந்தவரை எல்லாம் ஓடின. ஒருநாள் இணைப்பு அறுந்தபோதுதான் விளையாட்டுகளின் மேல் பூட்டுச் சின்னம் தெரிந்தது. தம்பியின் பெயரில் நுழைந்தால் இணைப்பு இருந்தும் அதே பூட்டு. விற்றுவிட்ட பெட்டியே இன்னும் என் முதன்மைக் கருவியாகப் பதிவில் இருந்தது.

நல்லவேளையாக, கணக்கின் இணையப் பக்கத்தில் உள்ள "Device Management" பகுதி வழியாக எல்லாக் கருவிகளின் பதிவையும் நீக்க முடிந்தது. ஆனால் இந்த வழியை ஆறு மாதங்களுக்கு ஒரு முறைதான் பயன்படுத்த முடியும் என்பதால், கருவி கையில் இருக்கும்போதே அதிலிருந்தே பதிவை நீக்குவதுதான் சரி.

எனவே ப்ரோவை விற்கும்போது வரிசையை மாற்றினேன். முதலில், விளையாட்டுகளில் எதுவரை ஆடினோம் என்பதைக் காக்கும் சேமிப்புகள். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இல்லாததால் மேகச் சேமிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே "Application Saved Data Management" வழியாக யூஎஸ்பி பென்டிரைவில் பிரதியெடுத்தேன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திரையில் தெரியும் சேமிப்புகள் அப்போது உள்ளே நுழைந்திருப்பவருக்கு மட்டுமே உரியவை. என்னுடையதை எடுத்து முடித்த பிறகு, தம்பி பல மாதங்கள் ஆடிய கால்பந்து விளையாட்டு பட்டியலில் இல்லாததைப் பார்த்துத்தான் அவன் பெயரில் தனியாக நுழைந்து மீண்டும் பிரதியெடுத்தேன். பிரதியை அதே கணக்கில் நுழைந்தால்தான் வேறு கருவியில் பயன்படுத்த முடியும். அழிப்பதற்கு முன் பிஎஸ்5 கருவியில் அந்தச் சேமிப்புகளை ஏற்றித் திறந்து பார்த்தேன். நகல் பென்டிரைவில் இருப்பது வேறு, விளையாட்டு அதை ஏற்பது வேறு. விளையாட்டுகளில் வென்ற கோப்பைகளின் பதிவையும் சர்வரோடு ஒருமுறை ஒத்திசைத்தேன்.

அடுத்தது பதிவு நீக்கம். "Account Management" பட்டியலில் உள்ள "Activate as Your Primary PS4" என்பதைத் திறந்து "Deactivate" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் குழப்பும்: செயல்படுத்துவதற்கும் நீக்குவதற்கும் அதே இடம்தான். தம்பியும் தன் கணக்குக்கு அதே கருவியை முதன்மையாக வைத்திருந்ததால், அவன் பெயரிலும் இதைச் செய்தோம்.

அதன் பிறகே "Initialization" பட்டியல். அதில் முதலில் தெரியும் "Restore Default Settings" அமைப்புகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். விளையாட்டுகளும் பயனர்களும் அப்படியே இருப்பார்கள். நமக்கு வேண்டியது "Initialize PS4". அதில் விரைவு, முழுமை என்று இரண்டு வகைகள் உண்டு. விரைவு வகையில் அழித்த தரவைச் சிறப்பு மென்பொருள் கொண்டு மீட்க வாய்ப்புண்டு என்பதால், விற்பதற்கு முழுமையான வகையையே தேர்ந்தெடுத்தேன். இரவு உணவுக்குப் பிறகு தொடங்கியது நள்ளிரவைத் தாண்டியும் ஓடியது. இடையில் மின்சாரம் நின்றால் கருவியின் இயக்க மென்பொருளே கெடலாம் என்பதால் அதை யூபிஎஸ்ஸில் இணைத்திருந்தேன்.

முடிந்ததும், கைப்பிடியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, மொழியைத் தேர்ந்தெடுக்கும் தொடக்கத் திரை வருகிறதா என்று பார்த்தேன்; வந்ததும் எந்தக் கணக்கிலும் நுழையாமல் அணைத்தேன். அதற்குமுன் உள்ளே இருக்கும் விளையாட்டு வட்டை வெளியே எடுக்க மறக்கக்கூடாது. முதல் கருவியோடு ஒரு வட்டை நான் அப்படித்தான் இழந்தேன்.

மறுநாள் இணையப் பக்கத்தில் என் கணக்கிலும் தம்பியின் கணக்கிலும் அந்தக் கருவி பட்டியலிலிருந்து நீங்கியிருந்ததை உறுதிப்படுத்திக்கொண்டோம். ஆனால் வீடியோ செயலியின் உள்நுழைவு இதில் அடங்காது. அந்தச் சேவை தன் சொந்தக் கருவிப் பட்டியலை வைத்திருக்கிறது. விற்று ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அதில் ப்ரோவின் பெயர் அப்படியே இருந்தது. அதை அங்கிருந்தே தனியாக நீக்கினேன்.