டிக்கியில் ஒன்று, பீரோவில் ஒன்று, பிரிக்காத ஒன்று: சென்ற ஆண்டு சன்ஸ்கிரீனில் எதை வைத்துக்கொள்வது?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வரும் என் அண்ணன் மகள், கத்திரி வெயில் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே, வீட்டில் மிச்சமிருந்த மூன்று சன்ஸ்கிரீன் ட்யூப்களை என் முன்னால் வைத்தாள். அழகுப்பொருள் தயாரிக்கும் சிறிய ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், இப்படிப்பட்ட வழக்குகள் என்னிடம் தீர்ப்புக்கு வருவதுண்டு. மூன்றிலும் தேதி தாண்டவில்லை. "சித்தப்பா, தேதி இன்னும் இருக்கே, எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்பதுதான் அவள் கேள்வி.

முதல் ட்யூப் எஸ்.பி.எஃப். 50 என்று போட்ட 50 கிராம் லோஷன். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் அவோபென்சோன், ஆக்டோகிரிலீன் ஆகிய வேதிப்பொருள்கள் கொண்டது. சென்ற மார்ச்சில் பிரித்ததிலிருந்து ஸ்கூட்டர் டிக்கியிலேயே கிடந்தது. ஏறக்குறைய பாதி மிச்சம். இரண்டாவது, ஜிங்க் ஆக்சைடு மட்டுமே உள்ள வெள்ளைக் கிரீம்; பிரித்துப் பத்து மாதமாகி, படுக்கையறை பீரோவில் இருந்தது. மூன்றாவது, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்த லோஷன். பிரிக்கப்படவே இல்லை, கீழ்த்தள அறையின் அலமாரியில் அட்டைப்பெட்டியோடு இருந்தது, தேதி முடிய இன்னும் ஏழு மாதம். இவை மூன்றையும் விட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது நான்காவது வழி.

ட்யூப்பின் மேல் உள்ள தேதி எதைக் குறிக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மூடி திறக்கப்படாமல், உறையில் சொன்ன வெப்பத்துக்குள் வைத்திருந்தால் அதுவரை தாங்கும் என்பதே அதன் பொருள். திறந்த பிறகான காலத்தைச் சொல்வதற்கு, மூடி திறந்த ஜாடி போன்ற சிறு படத்துக்குள் 6 எம் அல்லது 12 எம் என்று சில உறைகளில் அச்சிட்டிருப்பார்கள். எம் என்பது மாதம். சன்ஸ்கிரீன் மூன்று ஆண்டு தாங்கும் என்று பலரும் படித்துவிட்டுச் சொல்வதுண்டு. அது அமெரிக்க விதியிலிருந்து வந்த பேச்சு. அங்கே சன்ஸ்கிரீன் மருந்தாகக் கருதப்படுவதால், உறையில் தேதி போட வேண்டும்; குறைந்தது மூன்று ஆண்டு கெடாமல் இருக்கும் என்று சோதனையில் காட்டினால் மட்டும் தேதி போடாமல் விடலாம் என்ற ஏற்பாடு உண்டு. இங்கே அது அழகுப்பொருள். நம் ட்யூப்பில் என்ன தேதி அச்சிட்டிருக்கிறதோ அதுதான் அதன் உச்ச வரம்பு.

இனி டிக்கி ட்யூப்பைப் பார்ப்போம். சொல்ல வேண்டிய செய்தி இதில்தான் அதிகம். ஒரு வேதிவினையின் வேகம் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது ஆலைகளில் கையாளப்படும் ஒரு மனக்கணக்கு. மே மாத வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் சாதாரணம். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில், என்ஜின் சூடும் சேர, 50 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியோடு ஒப்பிட்டால் அங்கே வினை நான்கு மடங்கு வேகமாக நடக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் அப்படி நின்றால் அது 32 மணி நேர முதுமை. மீதிப் பதினாறு மணி நேரத்தைச் சேர்த்தால் 48. அதாவது ஒரு நாளில் இரண்டு நாள் வயதாகிறது. மூன்று மாதக் கோடை ஆறு மாதமாகக் கணக்காகும், அவ்வளவுதானே என்று தோன்றும். உண்மையில் இந்தக் கணக்கு மட்டுமே விஷயமாக இருந்தால், அந்த ட்யூப்பை நானே இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

கணக்கில் அடங்காதது ஒன்று இருக்கிறது. லோஷன் என்பது நீருக்குள் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் பரவி நிற்கும் கலவை. கதிரைத் தடுக்கும் பொருள் அந்த எண்ணெய்த் துளிகளில்தான் கரைந்திருக்கிறது. சூடேறும்போது கலவை இளகி, துளிகள் ஒன்றோடொன்று முட்டிச் சேர்ந்து பெரிதாகி, எண்ணெய் தனியாகவும் நீர் தனியாகவும் பிரியத் தொடங்குகிறது. இரவில் குளிர்ந்தாலும் பிரிந்தது பழையபடி சேர்வதில்லை. குலுக்கினால் சேர்ந்ததுபோலத் தெரியும், ஆனால் தோலில் தடவியதும் மறுபடி பிரிந்துவிடும். திரிந்த பாலை ஆற்றினால் பாலாகாது என்பதுபோலத்தான் இதுவும். சில சமயம் அவோபென்சோன் கரைசலிலிருந்து வெளியேறி மணல்போன்ற சிறு படிகமாகவும் நிற்கும்.

இதனால் பாதுகாப்பு எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டலாம். எஸ்.பி.எஃப். 50 என்றால், சருமத்தைச் சிவக்கச் செய்யும் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 விழுக்காடு மட்டுமே உள்ளே போகிறது. லோஷன் திட்டுத்திட்டாகப் படிந்து, தடவிய பரப்பில் இருபதில் ஒரு பங்கு வெறுமையாக நிற்கிறது என்று கொள்வோம். அந்த 5 விழுக்காட்டுப் பரப்பின் வழியே கதிர் முழுதாகப் போகும். மீதி 95 விழுக்காட்டின் வழியே 1.9 போகும், ஆக 6.9 விழுக்காடு. நூறை 6.9-ஆல் வகுத்தால் கிடைப்பது பதினான்கரைதான். பத்தில் ஒரு பங்கு வெறுமையாக நின்றால் எட்டரைக்கு இறங்கிவிடும். மருந்துப்பொருள் ஒரு துளியும் சிதையாமலேயே, படலத்தில் விழுந்த ஓட்டை மட்டுமே ஐம்பதைப் பதினான்காக்கிவிடுகிறது. ஆகவே, டிக்கியில் கிடந்த லோஷன் பாதி வேலையாவது செய்யும் என்று நம்பி இரண்டு மடங்காகப் பூசுவதும் சரியான கணக்கில்லை.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அவோபென்சோன் தடுப்பது, தோலைச் சுடாமல் ஆழமாக ஊடுருவிக் கருக்கவைக்கும் நீண்ட அலைக் கதிரை; உறையில் பி.ஏ. என்று எழுதிப் பக்கத்தில் கூட்டல் குறிகளைப் போட்டிருப்பது அதற்குத்தான். அந்தப் பாதுகாப்பு போய்விட்டால் அன்றைக்கு எரிச்சலோ சிவப்போ தெரியாது. "போன வாரம்கூடப் போட்டுக்கிட்டுப் போனேன், ஒண்ணும் ஆகலையே" என்று அவள் சொன்னதை இதனால்தான் நான் சான்றாக ஏற்கவில்லை. ஆக்டோகிரிலீன் பற்றியும் ஒரு சொல்: அது நாள்பட்டால் ட்யூப்பிலேயே மெல்ல உடைந்து, புற்றுநோய் தரக்கூடுமோ என்று ஐயப்படும் பென்சோஃபீனோன் என்ற பொருளைத் தருகிறது என்று 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தோல் வழியே உள்ளே போகும் அளவு பற்றி வாதங்கள் உண்டு. அதற்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை, பழையதை இழுத்துக்கொண்டே போக வேண்டியதும் இல்லை.

பீரோவில் இருந்த ஜிங்க் ஆக்சைடு கிரீமின் நிலை வேறு. ஜிங்க் ஆக்சைடு ஒரு தாதுப்பொடி. வேலூர் வெயில் அதை எதுவும் செய்துவிடாது. அதனால் தாதுக் கிரீம் கெடவே கெடாது என்று நினைத்துவிடுகிறார்கள். பொடி கெடாது, அதைச் சுமக்கும் கிரீம் கெடும். பொடி அடியில் படிந்து கட்டிதட்டினால் முன்பு சொன்ன ஓட்டைக் கணக்கு இதற்கும் பொருந்தும். விரல்பட்டுப் பத்து மாதமானதில் பதப்படுத்தும் பொருளும் தளர்ந்திருக்கும். மேல்மாடி அறையில், பகலெல்லாம் சூடேறும் சுவரை ஒட்டிய பீரோ என்றால், அதுவும் குளிர்ந்த இடமாகாது. இவர்களுடையது வடக்குப் பக்க அறை என்பது அதன் அதிர்ஷ்டம்.

இரண்டையும் எவர்சில்வர் தட்டின் பின்புறத்தில் பிதுக்கிப் பார்த்தோம். டிக்கி ட்யூப்பில் முதலில் வந்தது தெளிந்த எண்ணெய், அதன்பின் மோர்போல ஒரு நீர், பிறகே லோஷன். விரலால் இழுத்தபோது முத்துமுத்தாக உருண்டு நின்றது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தேய்த்தால் நறநறத்தது. பழைய கடலை எண்ணெயின் வாடையும் இருந்தது. ஜிங்க் கிரீம் ஒரே சீராகப் பரவியது, வாடையில்லை, நிறம் மாறவில்லை. இந்தச் சோதனை எந்தப் பக்கம் செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: தேறாததைத் தயங்காமல் எறியலாம், ஆனால் தேறியதற்கு முழு வீரியம் இருக்கிறது என்று இது சான்று தராது. கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தடுக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ட்யூப் தானாக உப்பியிருந்தால், உள்ளே கிருமி வேலை செய்கிறது என்று கொண்டு, சோதனையே இல்லாமல் எறிந்துவிடலாம்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி அமைந்தது. டிக்கி ட்யூப் குப்பைக்கு. ஜிங்க் கிரீமின் உறையில் 12 எம் என்றிருப்பதால், மீதியிருக்கும் இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். தீராவிட்டால் அதையும் எறிய வேண்டும். பிரிக்காத லோஷனே கோடைக்கு முதல் தேர்வு. வெப்பமும் காற்றும் விரலும் படாதது அது ஒன்றுதான். பிரிக்கும் அன்றே தேதியை அழியாத மையால் ட்யூப்பில் எழுதிவிட வேண்டும்.

புதிதாக வாங்குவதே நல்லது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட எனக்கு மனமில்லை. வெயில் விழும் கண்ணாடிப் பெட்டியில் மாதக்கணக்காகத் தொங்கிய புது ட்யூப்பைவிட, நிழலறையில் இருந்த பழையது மேல். தள்ளுபடியில் வருபவற்றைத் தயாரிப்புத் தேதி பார்க்காமல் வாங்கினாலும், புதிது என்ற பெயரில் பழையதே கைக்கு வரலாம்.

பாதி ட்யூப் ஓராண்டாக மிஞ்சியது எப்படி என்று அவளிடம் கேட்டேன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் ஒரு கிராம் ஆகும். காலையும் பிற்பகலுமாகப் பூசினால் 50 கிராம் இருபத்தைந்தே நாளில் தீர வேண்டும். அவள் பட்டாணி அளவுதான் எடுத்திருக்கிறாள். அந்த அளவில், ட்யூப் புதிதாக இருந்த நாளிலும் உறையில் போட்ட ஐம்பது அவள் முகத்துக்குக் கிடைத்திருக்காது.

மிச்சத்தைக் கால்வாயிலோ தொட்டியிலோ கரைக்காமல், பழைய செய்தித்தாளில் பிதுக்கி மடித்துக் குப்பையில் போடச் சொன்னேன். வெள்ளைத் துணியால் துடைக்கப்போனவளைத் தடுத்தேன். அவோபென்சோன் பட்ட துணியை இரும்புச்சத்துள்ள போர் தண்ணீரில் துவைத்தால் துருக்கறை விழும். அவளுடைய இரண்டு வெள்ளைச் சுடிதார்களின் கழுத்தோரம் மஞ்சளானதற்குக் காரணம் வாஷிங் மெஷின் இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. இப்போது அந்த மூன்றாவது ட்யூப் டிக்கியில் இல்லை. கைப்பையில், தண்ணீர் பாட்டிலை ஒட்டி இருக்கிறது.